பாதி வெளிச்சத்தை மறைத்தால் எப்படி சார் வெளிச்சம் கூடும்?



போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் இருந்து ஒரு அம்மா எழுந்து வந்து, "சார், என்னை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். முகம் நினைவுக்கு வரவில்லை. குரல் வந்துவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண். பக்கத்தில் கல்லூரியில் படிக்கும் மகள். "சார், இவளும் பிசிக்ஸ்தான். அன்னைக்கு நான் கேட்ட அந்த வட்டக் கேள்விக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல" என்றார் சிரித்துக்கொண்டே. எனக்குப் பாயசம் தொண்டையில் இறங்கவில்லை.

நடந்தது இதுதான். முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னால், பாடப்புத்தகத்துக்கு வெளியே கொஞ்சம் போகலாம் என்று மண்டலத் தகடு பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணாடித் தகட்டில் வட்டத்துக்குள் வட்டமாகக் கறுப்பு, வெளுப்பு, கறுப்பு, வெளுப்பு என்று வளையங்கள். வளைவு இல்லை, தடிமன் வேறுபாடு இல்லை, தட்டையான தகடு. ஆனால் லென்ஸ் மாதிரி ஒளியைக் குவிக்கும். அந்தப் பெண் எழுந்து, "பாதி வெளிச்சத்தைக் கறுப்பு அடிச்சு மறைச்சுட்டா, அங்க எப்படி சார் முன்னைவிட அதிகமா வெளிச்சம் வரும்?" என்று கேட்டாள். நான், "சூத்திரத்துல அப்படித்தாம்மா வருது" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டேன். ஆசிரியர் சொல்லக் கூடாத பதில் அது. அந்தக் கடனைத்தான் இன்று அடைக்கிறேன். கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை காபியோடு படியுங்கள்.

கதை பிரான்சில் தொடங்குகிறது. அகுஸ்தேன் ஃபிரெனெல் 1788இல் பிறந்தவர். தொழில் இயற்பியல் இல்லை. அரசாங்கத்தில் சாலை போடும் பொறியாளர். 1815இல் எல்பா தீவிலிருந்து நெப்போலியன் தப்பி வந்து மீண்டும் ஆட்சியைப் பிடித்தபோது, ஃபிரெனெல் மன்னர் பக்கம் நின்றார். வேலை போயிற்று. நார்மண்டியில் மாத்யூ என்ற கிராமத்தில் அம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். கையில் வேலை இல்லாத அந்த மாதங்களில்தான் நிழல்களின் ஓரத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். நல்ல கருவி எதுவும் கிடையாது. ஊர்ப் பூட்டுத் தொழிலாளியிடம் சில சாமான்களைச் செய்து வாங்கினார். ஒளியைப் புள்ளியாக்கக் குறுகிய குவியத்தூரம் கொண்ட லென்ஸ் தேவைப்பட்டது. அதற்கு ஒரு சொட்டுத் தேனைப் பயன்படுத்தினார். நம் பள்ளி ஆய்வகத்தில் சாமான் இல்லை என்று நான் புலம்பியபோதெல்லாம் அந்தத் தேன் சொட்டு நினைவுக்கு வந்து என் வாயை அடைக்கும்.

அவருக்கு முன்னால் இரண்டு பேர் ஆளுக்குப் பாதி வேலையைச் செய்து வைத்திருந்தார்கள். 1690இல் ஹைகென்ஸ், ஒளி அலையாகப் பரவும்போது அதன் அலைமுகப்பில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு புது விளக்கு போலச் சிற்றலைகளை அனுப்புகிறது என்றார். பின்னால் இங்கிலாந்தில் தாமஸ் யங், இரண்டு அலைகள் ஓரிடத்தில் மேட்டோடு மேடாகச் சேர்ந்தால் வெளிச்சம் கூடும், மேடும் பள்ளமுமாகச் சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும் என்று காட்டினார். ஃபிரெனெல் இரண்டையும் சேர்த்தார். ஓரிடத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று தெரிய வேண்டுமானால், அலைமுகப்பின் எல்லாப் புள்ளிகளிலிருந்தும் அங்கே வரும் சிற்றலைகளை, மேடு பள்ளம் பார்த்துக் கூட்ட வேண்டும்.

சொல்வது எளிது. எண்ணற்ற புள்ளிகளை எப்படிக் கூட்டுவது? இங்கேதான் மண்டலம் என்ற எண்ணம் வருகிறது.

ஒரு தட்டையான அலைமுகப்பு உங்களை நோக்கி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து சரியாக 1 மீட்டர் தள்ளி உங்கள் கண் ஒரு புள்ளியில் இருக்கிறது. கண்ணுக்கு நேர் எதிரே உள்ள இடம்தான் மிக அருகில், 1 மீட்டர். அங்கிருந்து அலைமுகப்பில் ஓரமாகத் தள்ளிப் போகப் போகத் தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். தூரம் சரியாக அரை அலைநீளம் கூடிய இடத்தில் ஒரு வட்டம் போடுங்கள். இன்னொரு அரை அலைநீளம் கூடிய இடத்தில் அடுத்த வட்டம். இப்படியே போய்க்கொண்டிருந்தால், நடுவில் ஒரு வட்டில், அதைச் சுற்றி வளையம் வளையமாக அலைமுகப்பு பிரிந்துவிடும். இந்த ஒவ்வொரு பகுதியும் ஒரு மண்டலம்.

வட்டங்களின் அளவைக் கண்டுபிடிக்கப் பிதாகரஸ் போதும். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியை எடுத்துக்கொள்வோம். அலைநீளம் 0.00059 மி.மீ. நேர் தூரம் 1000 மி.மீ. கர்ணம் அதைவிட அரை அலைநீளம், அதாவது 0.000295 மி.மீ. அதிகம். கணக்குப் போட்டால் ஆரத்தின் வர்க்கம் 2 × 1000 × 0.000295, அதாவது 0.59. ஆரம் 0.77 மி.மீ. இரண்டாவது வட்டத்துக்கு வர்க்கம் 0.59இன் இரு மடங்கு, மூன்றாவதுக்கு மூன்று மடங்கு. பொதுவாக எழுதினால்:

r² = nλb

இங்கே b நேர் தூரம், λ அலைநீளம், n எத்தனையாவது வட்டம் என்பது. ஆரங்கள் 1, 2, 3 என்று கூடவில்லை. அவற்றின் வர்க்கமூலமாகக் கூடுகின்றன. அதனால் வெளியே போகப் போக வளையம் மெலிந்துகொண்டே போகும். ஆனால் நீளமும் கூடுவதால் எல்லா மண்டலங்களின் பரப்பும் ஒன்றே. நம் கணக்கில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.85 சதுர மில்லிமீட்டர். இதை மறந்துவிடாதீர்கள்.

பரப்பு சமம் என்பதால் ஒவ்வொரு மண்டலமும் உங்கள் கண்ணுக்கு அனுப்பும் அலை ஏறத்தாழ ஒரே அளவு. ஆனால் அடுத்தடுத்த மண்டலங்கள் அரை அலைநீளம் தள்ளி வருவதால், முதல் மண்டலம் மேடு அனுப்பும்போது இரண்டாவது பள்ளம் அனுப்புகிறது, மூன்றாவது மறுபடி மேடு. ஒன்று கூட்டல், அடுத்தது கழித்தல். வெளியே போகப் போகச் சாய்வும் தூரமும் கூடுவதால் ஒவ்வொன்றின் அளவும் முந்தியதைவிட ஒரு மயிரிழை குறையும்.

புரிவதற்காக அந்தக் குறைவைப் பெரிதாக்கி ஒரு கணக்கு. முதல் மண்டலம் 100, இரண்டாவது 99, மூன்றாவது 98 என்று வையுங்கள். முதல் மண்டலம் மட்டும் திறந்திருந்தால் 100. இரண்டும் திறந்தால் 100 − 99 = 1. மூன்று திறந்தால் 99. நான்கு திறந்தால் 2. இப்படி மேலும் கீழும் ஆடி, ஆட்டம் குறைந்து குறைந்து, எல்லா மண்டலமும் திறந்திருக்கும்போது 50இல் வந்து நிற்கும். முழு அலைமுகப்பும் சேர்ந்து தருவது முதல் மண்டலம் மட்டும் தருவதில் பாதிதான்!

இந்த இடத்தில் நிறுத்தி இரண்டு முறை யோசியுங்கள். பிரகாசம் என்பது அலையின் அளவை வர்க்கப்படுத்தினால் கிடைப்பது. அப்படியானால், எதுவும் மறைக்காமல் விட்டால் வரும் வெளிச்சத்தைவிட, முதல் மண்டலம் மட்டும் தெரியும்படி 0.77 மி.மீ. ஆரமுள்ள ஓட்டை போட்ட தகட்டை வைத்தால், அந்தப் புள்ளியில் வெளிச்சம் நான்கு மடங்கு. ஓட்டையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி இரண்டாவது மண்டலத்தையும் திறந்துவிட்டால் அதே புள்ளி ஏறத்தாழ இருட்டு. சன்னலை அகலமாகத் திறந்தால் அறை இருட்டாகும் என்பது போல. அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கேயே இருக்கிறது. நாம் பார்க்கும் சாதாரண வெளிச்சம் என்பதே பெரும் சண்டைக்குப் பிறகு மிஞ்சிய மிச்சம்தான்.

ஃபிரெனெல் இந்தக் கோட்பாட்டைப் பாரிஸ் அறிவியல் கழகம் அறிவித்த பரிசுப் போட்டிக்கு 1818இல் அனுப்பினார். நடுவர்கள் ஐந்து பேர். அவர்களில் லாப்லாஸ், பியோ, புவாசோன் மூவரும் ஒளி என்பது துகள்தான் என்ற கட்சி. அதிலும் புவாசோன் கணக்கில் புலி. அவர் ஃபிரெனெலின் கணக்கை எடுத்து ஒரு வட்டமான தட்டின் நிழலுக்குப் போட்டுப் பார்த்தார். நிழலின் நட்ட நடுவில் வெளிச்சப் புள்ளி வர வேண்டும் என்று விடை வந்தது. தட்டே இல்லாதது போல அவ்வளவு பிரகாசமாக! இது நடக்கிற காரியமா, ஆகவே கோட்பாடு தப்பு என்பது அவர் வாதம்.

நமக்கு இப்போது மண்டலக் கணக்கு தெரியும். தட்டு முதல் நான்கு மண்டலங்களை மறைக்கிறது என்று வையுங்கள். மிச்சம் ஐந்தாவதிலிருந்து தொடங்கும்: 96 − 95 + 94 − 93... இதுவும் முதல் எண்ணில் பாதியில்தான் போய் நிற்கும். 48. முன்பு 50, இப்போது 48. அவ்வளவுதான் வித்தியாசம். நடுவர்களில் ஒருவரான அராகோ வெறும் வாதத்தோடு விடாமல் 2 மி.மீ. தட்டு ஒன்றை வைத்துச் சோதித்துப் பார்த்தார். புள்ளி இருந்தது. 1819இல் பரிசு ஃபிரெனெலுக்கு. வேடிக்கை என்னவென்றால், தப்பென்று நிரூபிக்க வந்தவர் பெயரிலேயே அது இன்றும் புவாசோன் புள்ளி.

இதுவரை மண்டலம் என்பது ஒரு கணக்கு வழி மட்டும். அலைமுகப்பில் யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. உங்கள் கண்ணை அரை அடி நகர்த்தினால் வட்டங்களெல்லாம் மாறிவிடும். அந்தக் கற்பனை வட்டங்களை நிஜமாகவே ஒரு தகட்டில் வரைந்துவிட்டால் என்ன என்று யாருக்காவது தோன்ற வேண்டும். கழித்தல் மண்டலங்களுக்கெல்லாம் கறுப்பு அடித்துவிட்டால், மிஞ்சுவது அத்தனையும் கூட்டல்.

1871 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஜான் வில்லியம் ஸ்ட்ரட் என்ற 28 வயது இளைஞர் இதைச் செய்து பார்த்துத் தன் குறிப்பேட்டில் எழுதி வைத்தார். இரண்டு ஆண்டு கழித்துத் தந்தை இறந்தபின் ராலே பிரபு ஆனவர் அவர்தான். வானம் ஏன் நீலம் என்று நான் நடத்திய பாடத்தில் வந்த அதே ராலே. செய்ததை அவர் வெளியிடவில்லை. 1875இல் ஜெனீவாவைச் சேர்ந்த ஜாக் லூயி சொரே தனியாக இதைச் செய்து கட்டுரையாக வெளியிட்டார். அதனால் சில புத்தகங்களில் சொரே தகடு என்றும் இருக்கும்.

ஃபிரெனெலுக்குப் பிறகு ஏன் ஐம்பது ஆண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று? என் கருத்து, தடையாக இருந்தது மூளை இல்லை, கை. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத வளையங்களை யார் கையால் வரைவது? பெரிதாக வரைந்து, படம் பிடித்துச் சிறிதாக்கினால் ஆயிற்று. அதற்குப் புகைப்படக்கலை வளர வேண்டியிருந்தது.

இதை எப்படிச் சொல்கிறேன் என்றால், நாங்களே அப்படித்தான் செய்தோம். "சூத்திரத்துல வருது" என்று சொன்ன இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரம் நான்கு மாணவர்களைச் சேர்த்துக்கொண்டேன். வெள்ளை சார்ட்டில் 40 மடங்கு பெரிதாக 25 மண்டலங்கள் வரைவதென்று முடிவு. முதல் வட்டத்தின் ஆரம் 30.7 மி.மீ., இரண்டாவது 43.4, மூன்றாவது 53.2, நான்காவது 61.4. கடைசி வட்டத்தின் ஆரம் 15 செ.மீ.யைத் தாண்டும். கடைசி வளையத்தின் அகலம் 3 மி.மீ.தான். காம்பஸும் இந்தியன் இங்கும் வைத்து இரண்டு சாயங்காலம் ஆயிற்று. ஊர் ஸ்டூடியோக்காரரிடம் கெஞ்சி, 50 மி.மீ. லென்ஸ் போட்ட கேமராவில் சார்ட்டிலிருந்து சரியாக 2 மீட்டர் 5 செ.மீ. தள்ளி நின்று கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தோம். 50 மி.மீ.யை 41ஆல் பெருக்கினால் அந்தத் தூரம். பிரிண்ட் போடவில்லை. நெகட்டிவ்தான் எங்கள் தகடு. அதில் முழு வட்டமும் 7.7 மி.மீ.க்குள், ஒரு சட்டைப் பொத்தானைவிடச் சிறியது.

முதல் முயற்சி பாழ். தகட்டின் பின்னால் எங்கே தேடினாலும் கூர்மையான புள்ளி இல்லை. நடுவில் மங்கலாக ஒரு வெளிச்சம், தூரத்தை மாற்றினாலும் அது கூடவே வந்தது. குவியம் என்று ஓர் இடத்தைச் சொல்லவே முடியவில்லை. சார்ட்டை அளந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. வரைந்த பையன் பார்க்க அழகாக இருக்கட்டும் என்று எல்லா வளையங்களையும் ஒரே அகலத்தில் போட்டிருந்தான். சம இடைவெளி வட்டங்கள் ஒளியை ஒரு புள்ளிக்கு அனுப்பாது, அச்சு நெடுகக் கோடாகப் பரப்பிவிடும். அவனைத் திட்டவில்லை. வர்க்கமூலம் எதற்கு என்று அதைவிட நன்றாக என்னால் விளக்கியிருக்க முடியாது.

இரண்டாவது தகடு சரியாக வந்தது. அடுத்த தப்பு என்னுடையது. சூரியனை வைத்துக் குவித்துக் காட்டலாம் என்று தகட்டை வெயிலில் பிடித்தேன். ஒன்றும் தெரியவில்லை. யோசித்தால் சிரிப்பு வரும். 1 மீட்டர் குவியத்தூரத்தில் சூரியனின் பிம்பம் 9 மி.மீ.க்கு மேல் இருக்கும். எங்கள் தகடே 7.7 மி.மீ.தான். குவிப்பதற்குப் பதில் பரப்பி வைத்திருக்கிறது. சிறிய விளக்குதான் வேண்டும்.

பக்கத்துக் கல்லூரியிலிருந்து சோடியம் விளக்கை இரவல் வாங்கி, அதன் முன்னால் ஊசித்துளை போட்ட தகரத்தை வைத்தோம். அறையை இருட்டாக்கி, 5 மீட்டர் தள்ளி நெகட்டிவை நிறுத்தினோம். மண்டலத் தகடு லென்ஸ் என்றால், லென்ஸ் சூத்திரத்துக்கும் அது கட்டுப்பட வேண்டும். குவியத்தூரம் 1 மீட்டர், பொருளின் தூரம் 5 மீட்டர், ஆகவே 1 − 0.2 = 0.8. பிம்பம் 1 மீட்டர் 25 செ.மீ.யில். அந்த இடத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது மஞ்சள் புள்ளி ஒன்று ஊசிமுனை மாதிரி மின்னியது. முன்னும் பின்னும் நகர்த்தினால் கலைந்தது. அன்று அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. அப்புறம் பொதுத்தேர்வு, விடுமுறை. அவளுக்குக் காட்டாமலே போயிற்று.

எவ்வளவு பிரகாசம்? 25இல் ஒற்றைப்படை மண்டலங்கள் 13 திறந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் 100 என்றால் மொத்தம் 1300. தகடு இல்லாவிட்டால் 50. 26 மடங்கு. வர்க்கப்படுத்தினால் அந்தப் புள்ளியில் 676 மடங்கு. "அப்படியானால் ஆற்றல் எங்கிருந்து வந்தது?" என்று அந்த மகள் பந்தியிலேயே கேட்டுவிட்டாள், தாயைப் போல மகள். புதிதாக எதுவும் வரவில்லை அம்மா. தகட்டில் விழும் ஒளியில் பாதியைக் கறுப்பு தின்றுவிடுகிறது. கால் பங்கு தகடே இல்லாதது போல நேராகப் போய்விடுகிறது. குவியத்துக்குப் போவது பத்தில் ஒரு பங்குதான். ஆனால் 46 சதுர மில்லிமீட்டர் தகட்டில் விழுந்ததில் பத்தில் ஒரு பங்கு, சதுர மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு இடத்துக்குள் அடைபடுகிறது. சுற்றியுள்ள இடம் ஏழையாகிறது, அந்தப் புள்ளி பணக்காரன் ஆகிறது.

கறுப்பையும் வெளுப்பையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? நடுவட்டம் கறுப்பாக, இரட்டைப்படை மண்டலங்கள் மட்டும் திறந்திருந்தால், எல்லாமே கழித்தல். ஆனால் பத்துப் பேரும் சேர்ந்து எதிர்த்திசையில் இழுத்தாலும் வண்டி நகரத்தானே செய்யும். அதே இடத்தில் அதே மாதிரி குவியும். நடுவில் கறுப்பு இருந்தும் நடுவில் வெளிச்சம் வருவது புவாசோன் புள்ளியின் அண்ணன்.

லென்ஸும் இதுவும் ஒன்றா? இல்லை. கண்ணாடி லென்ஸ், நடுவில் தடிமனாக இருந்து நடுவழியில் வரும் ஒளியைத் தாமதப்படுத்தி, எல்லாரையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்து சேர்க்கும். மண்டலத் தகடு யாரையும் தாமதப்படுத்துவதில்லை. ஒரு முழு அலைநீளம் பிந்தி வருபவனும் மேட்டோடுதான் வருகிறான், இரண்டு அலைநீளம் பிந்துபவனும் அப்படியே. தப்பான கட்டத்தில் வருபவனை மட்டும் வாசலில் நிறுத்திவிடுகிறது. அதன் குறைகள் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன.

முதல் குறை, நிறம். வட்டங்கள் ஒரு அலைநீளத்துக்குப் போட்டவை. எங்கள் தகட்டில் மஞ்சள் 1 மீட்டரில் குவிந்தால், சிவப்பு ஏறத்தாழ 91 செ.மீ.யிலும் நீலம் 1 மீட்டர் 31 செ.மீ.யிலும் குவியும். கண்ணாடி லென்ஸில் நீலம் அருகில், சிவப்பு தள்ளி. இங்கே தலைகீழ், அதுவும் பல மடங்கு மோசம். வெள்ளை ஒளியில் இதை வைத்துப் படம் பார்த்தால் வண்ணப் புகைமூட்டம்தான் மிஞ்சும்.

இரண்டாவது, குவியம் ஒன்று மட்டும் இல்லை. 1 மீட்டர் குவியத்தூரத் தகட்டுக்கு 33 செ.மீ.யிலும் ஒரு சிறு குவியம் உண்டு. அங்கிருந்து பார்த்தால் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் மூன்று மண்டலங்கள் அடங்கும். இரண்டு அடித்துக்கொண்டு போக, ஒன்று மிஞ்சும். 50 செ.மீ.யில் ஏன் இல்லை? அங்கே வளையத்துக்கு இரண்டு மண்டலம், இரண்டும் அழிந்து பூச்சியம். எங்கள் தகட்டிலும் இந்தச் சிறு குவியத்தைத் தேடினோம். விளக்கு 5 மீட்டரில் இருந்ததால் 36 செ.மீ. பக்கத்தில் மங்கலாக அகப்பட்டது. முதல் குவியத்துக்குப் போகும் ஒளியில் ஒன்பதில் ஒரு பங்குதான் அங்கே போகிறது.

மூன்றாவது குறை, பாதி ஒளி வீண். இதற்கு ராலே ஒரு வழி சொல்லியிருந்தார். தப்புக் கட்டத்தில் வருபவனை ஏன் வெளியே தள்ள வேண்டும்? அரை அலைநீளம் தாமதப்படுத்தி உள்ளே விட்டால் அவனும் மேட்டோடு சேர்ந்துகொள்வான். கறுப்புக்குப் பதில் கண்ணாடிபோலத் தெளிவான, சரியான தடிமனுள்ள ஒரு பூச்சு போதும். கழித்தல் எல்லாம் கூட்டலாகிவிட்டால் அலை இரு மடங்கு, பிரகாசம் நான்கு மடங்கு. 1898இல் அமெரிக்காவில் ராபர்ட் வுட் ஜெலட்டின் பூச்சை வைத்து இதைச் செய்துகாட்டினார்.

ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன், பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். கலங்கரை விளக்கங்களில் படிப்படியாக வெட்டிய கண்ணாடி இருக்கிறதே, அது ஃபிரெனெல் லென்ஸ். அதே ஃபிரெனெல்தான், 1823இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் முதலில் ஏற்றினார். வளையம் வளையமாக இருப்பதால் மண்டலத் தகடு என்று நினைக்க வேண்டாம். அது ஒளியை விலக்கி வளைக்கும் சாதாரண லென்ஸ்தான், வீண் தடிமனை வெட்டி எடுத்தது. 1827இல் காசநோயில் இறந்தபோது அவருக்கு 39 வயது. மண்டலத் தகட்டை அவர் பார்க்கவேயில்லை.

இவ்வளவு குறையுள்ள சாமான் எதற்கு என்று கேட்கலாம். எக்ஸ் கதிருக்கு. கண்ணாடி எக்ஸ் கதிரை அநேகமாக வளைப்பதே இல்லை, மென்மையான கதிராக இருந்தால் விழுங்கியும் விடும். லென்ஸ் செய்ய வழியில்லாத இடத்தில் வளைக்கத் தேவையில்லாத தகடு கைகொடுத்தது. 1960 வாக்கில் ஆல்பர்ட் பாயெஸ் கண்ணாடியே இல்லாமல் உலோக வளையங்களை மட்டும் வைத்து இதைச் செய்யலாம் என்று காட்டினார். பாடகி ஜோன் பாயெஸின் அப்பா. இன்றைய எக்ஸ் கதிர் நுண்ணோக்கிகளில் உள்ள தகடுகளை எலக்ட்ரான் கற்றையால் வரைகிறார்கள். எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க முடியும் என்பதைத் தீர்மானிப்பது கடைசி வளையத்தின் அகலம். அது சில பத்து நானோமீட்டர். எங்கள் சார்ட்டில் 3 மி.மீ. இருந்த அதே கடைசி வளையம்தான், இன்றும் கை நடுங்கும் இடம் அதுதான்.

நேற்றுப் பழைய பெட்டியைக் குடைந்தேன். காக்கி உறைக்குள் அந்த நெகட்டிவ் இருக்கிறது. ஓரம் மஞ்சளாகிவிட்டது, நடு வட்டம் நன்றாக இருக்கிறது. அம்மா, உன் மகளை ஒரு ஞாயிறு சாயங்காலம் கூட்டிக்கொண்டு வா. ஹாலில் 5 மீட்டர் இருக்காது, மாடி அறைக் கதவைத் திறந்து வைத்தால் சரியாக வரும். சோடியம் விளக்கு என்னிடம் இல்லை, அவள் கல்லூரியில் கேட்டு வாங்கி வந்தால் நல்லது.